குறைந்த விலை போன்கள்: வரைபடத்தில் காலியாகத் தெரியும் மூலை உண்மையில் காலிதானா?

#1 பொங்கோல் நிலா (செவ்வாய், இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மார்க்கெட்டிங் பாடத்துக்காக, சிங்கப்பூரில் 400 வெள்ளிக்குள் கிடைக்கும் போன் பிராண்டுகளை எடுத்து, மக்கள் மனசில் எந்தப் பிராண்டு எங்கே நிற்கிறது என்று காட்டும் பெர்செப்சுவல் மேப் வரைந்து, எங்கே இடைவெளி இருக்கிறது என்று காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு பிராண்டுகளை எடுத்துக்கொண்டு 62 பேரிடம் கேட்டேன். ஒவ்வொரு பிராண்டும் எவ்வளவு விலை கூடியதாகத் தெரிகிறது, எவ்வளவு தரமாகத் தெரிகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னேன். பெயரைச் சொன்னால் பேச்சு பிராண்டுச் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே அ, ஆ, இ என்றே வைத்துக்கொள்கிறேன். சராசரி இதுதான் (முதல் எண் விலை, இரண்டாவது தரம்):

அ 6.1, 6.0
ஆ 5.4, 5.6
இ 4.9, 4.8
ஈ 4.4, 4.9
உ 3.9, 3.7
ஊ 3.2, 3.6
எ 2.6, 2.8
ஏ 2.1, 2.3

விலையைக் கிடை அச்சிலும் தரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்தேன். எட்டுப் புள்ளிகளும் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஏணி மாதிரி ஏறுகின்றன. மேல் இடது மூலை, அதாவது விலை குறைவு, தரம் அதிகம் என்ற இடம், சுத்தமாகக் காலி. அதைத்தான் இடைவெளி என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த மூலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு "ஏன் காலி?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு செய்தேன்?

#2 துவாஸ் முருகு (செவ்வாய், இரவு 11.15)

தங்கச்சி, எனக்கும் புதுப் போன் வாங்கணும். கையில் 300 வெள்ளி இருக்கிறது. உங்கள் பட்டியலில் அ என்பது எந்தக் கம்பெனி? இப்போது வைத்திருப்பதில் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. இரண்டு சிம் போட வசதி இருக்க வேண்டும்.

#3 கல்லாங் காத்து (செவ்வாய், இரவு 11.32)

முருகு, அவர் கேட்பது வேறு விஷயம், எதை வாங்கலாம் என்பதில்லை.

நிலா, நீங்கள் செய்தது சரியான முறைதான். நான் பகுதிநேரமாக எம்பிஏ படிக்கிறேன், எங்களுக்கும் விலை, தரம் என்று இரண்டு அச்சு போட்டுத்தான் காட்டினார்கள். குறை ஒன்றுதான். விலைக்கு மனப்பதிவைக் கேட்காமல் கடையில் ஒட்டியிருக்கும் உண்மை விலையைப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் புள்ளிகள் கொஞ்சம் கலைந்து வரும், இடைவெளியும் தெளிவாகத் தெரியும். மேல் இடது மூலையில் யாரும் இல்லை என்றால் அதுதான் வாய்ப்பு. அங்கே ஒரு போனை இறக்கினால் விற்கும் என்று எழுதுங்கள்.

#4 தேக்கா கடைக்காரர் (புதன், காலை 9.05)

தேக்கா பக்கம் பதினொரு வருஷமாகப் போன் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். உங்கள் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூலை காலி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மேல் தட்டு முழுக்க அந்த மூலைதான். இரண்டு மூன்று வருஷம் ஓடிய உயர் ரகப் போன், பேட்டரி மாற்றியது, 300 வெள்ளிக்குள். புது போன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதையே கொடுங்க" என்கிறார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பெரிய போனைக் குறைந்த காசுக்குத் தருகின்றன. வாங்குகிறவர் மனசில் அதுவும் "மலிவாகக் கிடைத்த நல்ல போன்"தான். உங்கள் எட்டு பிராண்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

#5 வரைபடக்காரி (புதன், மதியம் 12.50)

கடைக்காரர் சொன்னதை நிலா அப்படியே அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியரின் "ஏன் காலி?" என்ற கேள்விக்கு அது பாதிப் பதில். வரைபடத்தில் ஓர் இடம் காலியாகத் தெரிவது, நாம் எடுத்து வைத்த பொருள்களுக்கு நடுவில்தான். வாங்குகிறவர் பழைய போனையும் புது போனையும் சேர்த்து எடை போடுகிறார் என்றால், "பழைய உயர் ரகப் போன்" என்பதை ஒன்பதாவது பிராண்டு மாதிரி வைத்தே கேட்டிருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் அந்த மூலையில் ஒரு பெரிய புள்ளி உட்கார்ந்திருக்கும்.

மீதிப் பாதி உங்கள் எண்களிலேயே இருக்கிறது. விலைக்கும் தரத்துக்கும் கோரிலேஷன் போட்டுப் பார்த்தேன், 0.98 வருகிறது. இரண்டும் முழுக்கச் சேர்ந்தே ஏறினால் 1 வரும். அப்படியென்றால் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டும் மக்கள் ஒரே பதிலைத்தான் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். பிராண்டைப் பற்றி அதிகம் தெரியாதவர் "விலை கூட, அதனால் நல்லதாகத்தான் இருக்கும்" என்று ஊகிக்கிறார். குறைந்த விலைப் போன்களில் இந்த ஊகம் இன்னும் பலமாக வேலை செய்யும், ஏனென்றால் எட்டில் ஐந்தை அவர் கையில் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆக, உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோடு. ஒரு கோட்டைத் தாளில் சாய்வாகப் போட்டால் அதன் இரண்டு பக்கமும் காலியாகத்தானே இருக்கும்? கீழ் வலது மூலையும் காலிதான். விலை கூட, தரம் மோசம் என்ற அந்த மூலையை யாரும் வாய்ப்பு என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

காத்து, உண்மை விலையைப் போடலாம் என்பது நல்ல யோசனைதான். மனப்பதிவு விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசமே சில சமயம் பெரிய செய்தியாக இருக்கும். ஆனால் அதனால் அந்த மூலை வாய்ப்பாகிவிடாது. குறைந்த விலையில் தரமான பொருளைத் தருவதற்கு யாராவது காசு போட வேண்டும். 2018-இல் ஷாவ்மி, தன் வன்பொருள் வியாபாரத்தில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று வெளிப்படையாக அறிவித்தது. இணையச் சேவைகளிலிருந்து வருமானம் வரும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த மூலையை நோக்கி ஏற்கெனவே இவ்வளவு இறங்கி வந்து நிற்கிறவர்கள் இருக்கும்போது, புதிதாக வருகிறவர் அவர்களைவிடக் குறைந்த லாபத்தில் எப்படிப் பிழைப்பார் என்று சொல்லாமல் "அங்கே இறக்கினால் விற்கும்" என்று எழுத முடியாது.

நிலா, விலை, தரம் தவிர வேறு ஏதாவது கேட்டீர்களா?

#6 பொங்கோல் நிலா (புதன், மாலை 6.20)

கேட்டேன் அக்கா. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வைத்திருந்தேன். பிராண்டுகள் இடப்பக்கம், மேலே ஒன்பது வாசகங்கள். பேட்டரி நிற்கும், கீழே விழுந்தாலும் தாங்கும், கேமரா நன்றாக இருக்கும், பார்க்க அழகு, கேம் தடையில்லாமல் ஓடும், காசுக்கு நிறைய வசதி, ரிப்பேர் சுலபம், பல வருஷம் அப்டேட் வரும், நம்பி வாங்கலாம். எது எதற்குப் பொருந்துமோ டிக் போடச் சொன்னேன். மொத்தம் 1000 டிக் விழுந்தது. ஆனால் எல்லா வாசகத்திலும் அ தான் முதலிடம். அதில் செய்தி எதுவும் இல்லை என்று ஒதுக்கிவைத்துவிட்டேன்.

#7 வரைபடக்காரி (புதன், இரவு 9.30)

ஒதுக்கி வைத்ததில்தான் உங்கள் வரைபடம் இருக்கிறது.

அ எல்லாவற்றிலும் முதலிடம் வருவதற்குக் காரணம், அதை எல்லாருக்கும் தெரியும் என்பதுதான். தெரிந்த பிராண்டுக்கு டிக் தாராளமாக விழும். அந்தப் புகழை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். பேட்டரி வாசகத்தை எடுத்துச் செய்து காட்டுகிறேன். அ, எ இரண்டின் எண்களையும் சொல்லுங்கள்.

#8 பொங்கோல் நிலா (புதன், இரவு 9.41)

அ-வுக்கு எல்லா வாசகமும் சேர்த்து 240 டிக், அதில் பேட்டரிக்கு 39. எ-க்கு மொத்தமே 60 தான், அதில் பேட்டரிக்கு 21. பேட்டரி வாசகத்துக்கு எட்டு பிராண்டும் சேர்த்து 150.

#9 வரைபடக்காரி (புதன், இரவு 10.15)

நல்லது. 1000 டிக்கில் 150 பேட்டரிக்குப் போயிருக்கிறது, அதாவது 15 சதவீதம். ஒரு பிராண்டுக்குப் பேட்டரியில் தனிப் பெயர் எதுவும் இல்லை என்றால், அதன் டிக்கிலும் அதே 15 சதவீதம்தான் பேட்டரிக்கு வர வேண்டும். அ-வுக்கு 240-இல் 36 வர வேண்டும், வந்தது 39. கிட்டத்தட்ட எதிர்பார்த்ததேதான். எ-க்கு 60-இல் 9 வர வேண்டும், வந்ததோ 21. இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, "பேட்டரி" என்றதும் ஒட்டிக்கொள்ளும் பிராண்டு எ. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் 39-க்கு முன்னால் 21 சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை எல்லாக் கட்டத்துக்கும் செய்து வரைபடமாகப் போடுவதைத்தான் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் என்கிறோம். ஆர் மென்பொருளில் சில வரிதான். கோப்பில் வரிசைக்கு ஒரு பிராண்டு, பத்திக்கு ஒரு வாசகம்:

```
library(ca)
m <- as.matrix(read.csv("brand_tick.csv", row.names = 1))
round(m / chisq.test(m)$expected, 2)
k <- ca(m)
summary(k)
plot(k)
```

மூன்றாவது வரியில் வரும் அட்டவணையை முதலில் நிதானமாகப் படியுங்கள். 1-ஐச் சுற்றி இருந்தால் அதில் விசேஷம் இல்லை. எ, பேட்டரி கட்டத்தில் 2.33 என்று நிற்க வேண்டும்.

படம் வந்ததும் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். அ நடு மையத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அது பலவீனம் இல்லை. அதன் டிக்குகள் எல்லா வாசகத்துக்கும் சராசரி மாதிரியே பரவியிருக்கின்றன என்று மட்டும் பொருள். பிறகு, ஸ்கேல் வைத்து ஒரு பிராண்டுக்கும் ஒரு வாசகத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்காதீர்கள். பிராண்டுக்கும் பிராண்டுக்கும் தூரம் பார்க்கலாம். பிராண்டையும் வாசகத்தையும் மையத்திலிருந்து எந்தத் திசையில் இருக்கின்றன என்றுதான் ஒப்பிட வேண்டும்.

#10 ஜூரோங் எண் (வியாழன், காலை 8.10)

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஒன்பது வாசகங்களும் நிலா எழுதியவை. அவர் யோசிக்காத ஒன்று வரைபடத்தில் வரவே வராது. அதற்குப் பதிலாக, "இந்த இரண்டு பிராண்டும் எவ்வளவு ஒரே மாதிரி?" என்று மட்டும் கேட்டு, ஒரே மாதிரி பிராண்டுகளைப் பக்கத்திலும் மற்றவற்றைத் தூரத்திலும் வைத்து வரையும் எம்டிஎஸ் முறையைப் போட்டிருந்தால், மக்கள் தங்கள் மனசில் எதை வைத்துப் பிரிக்கிறார்களோ அது தானாக வெளியே வரும்.

#11 வரைபடக்காரி (வியாழன், காலை 8.55)

சொல்வது நியாயம்தான். ஆனால் எட்டு பிராண்டுக்கு 28 ஜோடி. 28 முறை "எவ்வளவு ஒரே மாதிரி?" என்று கேட்டால், பதினைந்தாவது ஜோடிக்கு மேல் பதில் சொல்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு நடு எண்ணில் குத்த ஆரம்பிப்பார். பத்தொன்பது வருஷமாக இந்தப் படிவங்களைப் பார்க்கிறேன், கடைசிப் பக்கத்தில் கை வேகம் கூடுவது அப்படியே தெரியும். பாதி பிராண்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் ஒற்றுமையை எப்படிச் சொல்வார்? கடைசியில் வரும் அச்சுகளுக்கு நாமேதான் பெயர் வைக்க வேண்டும், அங்கே நம் ஊகம் புகுந்துவிடும்.

#12 ஜூரோங் எண் (வியாழன், காலை 9.20)

ஜோடிகளைப் பிரித்து ஆளுக்குப் பத்து என்று கொடுக்கலாமே. அச்சுக்குப் பெயர் வைப்பதில் ஊகம் இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரிகிற ஊகம். வாசகங்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஊகம் யார் கண்ணுக்கும் தெரியாது. என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

#13 பொங்கோல் நிலா (வியாழன், இரவு 11.50)

படம் வந்துவிட்டது! பிராண்டுகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தில் 74 சதவீதத்தை முதல் இரண்டு அச்சுகளே சொல்கின்றன. இடப்பக்கம் "பேட்டரி நிற்கும்", "விழுந்தாலும் தாங்கும்". வலப்பக்கம் "கேமரா", "பார்க்க அழகு". மேலே "ரிப்பேர் சுலபம்", "அப்டேட் வரும்", "நம்பி வாங்கலாம்". கீழே "கேம்", "காசுக்கு நிறைய வசதி".

அக்கா சொன்ன மாதிரியே அ மையத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே. ஆ, ஈ இரண்டும் வலப்பக்கம். இ மேல் வலது. உ, ஊ நேர் கீழே. எ, ஏ கீழ் இடது, அதில் ஏ எங்கேயோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல் இடதில் யாரும் இல்லை. அதாவது பேட்டரியும் உறுதியும் இருந்து, ரிப்பேருக்கும் அப்டேட்டுக்கும் நம்பிக்கை தரும் போன் இல்லை. இந்த முறை இது உண்மையான இடைவெளிதானே?

#14 கல்லாங் காத்து (வெள்ளி, காலை 7.45)

நான் சொன்ன இடம் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இடத்திலும் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2023-இல் நோக்கியா ஜி22 வந்தது. குறைந்த விலைப் போன்தான். பின்மூடியைக் கழற்றி பேட்டரி, திரை, சார்ஜ் போடும் பகுதி மூன்றையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள ரிப்பேர் வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து உதிரிப் பாகமும் கையேடும் கொடுத்தார்கள். 2024-இல் சாம்சங் தன் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் அப்டேட் என்று அறிவித்தது. அதற்கு முன் அந்த விலையில் அவ்வளவு காலம் யார் சொன்னார்கள்? இரண்டும் நிலாவின் மேல் பாதியை நோக்கித்தான் நகர்ந்திருக்கின்றன.

#15 வரைபடக்காரி (வெள்ளி, காலை 10.30)

அருமையான எடுத்துக்காட்டுகள், காத்து. இடைவெளிக்குள் யாரோ புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது நிலாவுக்குப் பெரிய சாட்சி. ஆனால் நிறுவனம் செய்கிற மாற்றம் வேறு, அது மக்கள் மனசில் பதிவது வேறு. ஆறு வருஷ அப்டேட் என்று அறிவித்த மறுநாளே வரைபடத்தில் புள்ளி நகராது. 62 பேரில் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

நிலா, இடைவெளி என்று எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றீர்களே, அதற்கு மொத்தம் எத்தனை டிக்? ரொம்பக் குறைவாக இருந்தால், நாலைந்து பேருடைய கருத்து ஒரு அச்சையே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காமல் படத்தில் மட்டும் காட்டச் சொல்லுங்கள். எட்டாவது வரிசை என்றால் இப்படி:

```
k2 <- ca(m, suprow = 8)
plot(k2)
```

இடைவெளி அதே இடத்தில் இருந்தால் நம்பலாம்.

#16 பொங்கோல் நிலா (வெள்ளி, மாலை 4.05)

ஏ-க்கு 31 டிக்தான். அதை வெளியே எடுத்ததும் படமே திரும்பிவிட்டது, அக்கா. கேம் ஒரு பக்கம், அப்டேட் எதிர்ப்பக்கம் என்று அதுதான் இப்போது முதல் அச்சு. பேட்டரி, கேமரா இரண்டாவது அச்சுக்குப் போய்விட்டன. தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் பழைய காலி இடம் இருக்கிறது, ஆனால் பாதியாகச் சுருங்கிவிட்டது. எ அதன் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிய பக்கத்தை இப்போது எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.

#17 வரைபடக்காரி (வெள்ளி, மாலை 5.40)

அச்சு இடம் மாறியதைப் பற்றிக் கவலை வேண்டாம். படத்தைத் திருப்பினாலும் கவிழ்த்தாலும் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரம் மாறாது. இடைவெளி சுருங்கியதுதான் செய்தி. அதில் பாதி, 31 டிக் உள்ள ஒரு பிராண்டால் உண்டானது. அதை அப்படியே எழுதுங்கள், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மிச்சமிருக்கும் பாதிக்கு, அந்த இடத்தில் வாங்க ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். "உங்கள் கனவுப் போன் எப்படி இருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் எல்லாமும் வேண்டும் என்பார்கள், அந்தக் கனவுப் போன் வரைபடத்தையே தாண்டிப் போய் உட்காரும். 300 வெள்ளிதான் இருக்கிறது, பேட்டரியும் உறுதியும் ரிப்பேர் வசதியும் கூட வேண்டும் என்றால் கேமரா, தோற்றம், கேம் மூன்றில் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். எதையாவது விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்தான் அந்த இடத்தில் வாங்குவார்.

இன்னொன்று, அந்த 62 பேர் யார் யார்?

#18 பொங்கோல் நிலா (வெள்ளி, மாலை 6.10)

48 பேர் என்னோடு படிப்பவர்கள். 14 பேர் அப்பாவோடு வேலை செய்யும் அண்ணன்கள், தொழிலாளர் விடுதியில் இருப்பவர்கள். பேட்டரி, உறுதி, ரிப்பேர் மூன்றும் அவர்களுக்குத்தான் முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முருகு அண்ணன் சொன்னதும் பேட்டரிதானே. அதனால் அந்த இடைவெளி அவர்களுக்கானது என்று எழுதலாமா?

#19 தேக்கா கடைக்காரர் (வெள்ளி, இரவு 10.50)

அவர்கள் என்னிடம் கேட்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் விலை. அடுத்து பேட்டரி. அதற்கு அடுத்து, "அண்ணே, ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே சர்வீஸ் கிடைக்குமா?" பாதிப் போன்கள் தம்பிக்கோ வீட்டுக்காரம்மாவுக்கோ ஊருக்குப் போகிறவை. உத்தரவாத அட்டையில் வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும் என்று போட்டிருந்தால், அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு "ரிப்பேர் சுலபம்" என்றால் தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ சுலபம். உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதே வாசகம் இங்கே பக்கத்து மாலில் சுலபம். ஒரே கட்டத்தில் இரண்டு பேரும் டிக் போட்டிருக்கிறார்கள்.

#20 துவாஸ் முருகு (சனி, இரவு 9.15)

தங்கச்சி, முதல் நாள் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்டுவிட்டேன். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று புரிகிறது. நேற்று ராத்திரி எங்கள் அறையில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பேட்டரியும் உறுதியும் ரிப்பேரும் கூட வேண்டும் என்றால் எதை விடுவீர்கள் என்றேன். கேமை விடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். தோற்றமும் போகட்டும் என்றார்கள். கேமராவை மட்டும் ஒன்பது பேர் விட மாட்டோம் என்றார்கள்.

எனக்கும் அதுதான். எனக்கு இரண்டரை வயசில் பெண் இருக்கிறாள். நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள். வேலை முடிந்து குளித்து வரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். சீக்கிரம் தூங்குகிறவர்களுக்காக அறையில் விளக்கை அணைத்துவிடுவோம். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டால் என் முகம் கறுப்பாக ஒரு நிழல் மாதிரிதான் அவளுக்குத் தெரிகிறது. "அப்பா எங்கே?" என்று கேட்கிறாள். பக்கத்துக் கட்டில்காரரின் போனில் பேசினால் முகம் தெரிகிறது. அதனால் கேமராவை விடச் சொன்னால் முடியாது. பின்பக்கக் கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

#21 வரைபடக்காரி (ஞாயிறு, காலை 8.40)

முருகு, இதை எழுதியதற்கு நன்றி. நான் நிலாவுக்குச் சொன்ன எல்லாவற்றையும்விட இது பெரிய திருத்தம்.

நிலா, உங்கள் படத்தில் "கேமரா" வலப்பக்கம் "பார்க்க அழகு"க்குப் பக்கத்தில் இருக்கிறது. 48 மாணவர்களுக்குக் கேமரா என்றால் பின்பக்கக் கேமரா, எடுத்துப் போடும் படம். முருகு அறைக்குக் கேமரா என்றால் இருட்டில் முகம் தெரிய வேண்டிய முன்பக்கக் கேமரா. சொல் ஒன்று, பொருள் இரண்டு. 48 பேர் பக்கம் எடை அதிகம் என்பதால் அந்தச் சொல் அவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. "பேட்டரி வேண்டும் என்பவர் கேமராவை விட்டுக்கொடுப்பார்" என்று படம் சொல்வது பொய்யாகிவிடுகிறது.

இதே மாதிரி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வளர்ந்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் டெக்னோ போன்களை விற்கும் டிரான்ஷன் நிறுவனம், கறுத்த தோல் நிறத்துக்கு ஏற்றபடி கேமராவைச் சரிசெய்து கொடுத்தது. பல சிம் போடும் வசதியும் கொடுத்தது. விலை, தரம் என்று இரண்டு அச்சு போட்டு உட்கார்ந்திருந்தால் அந்த இடம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஜூரோங் எண் சொன்னது இங்கே பலிக்கிறது. வாசகம் நிலாவுடையது, அதனால் பிளவு தெரியவில்லை. ஆனால் ஒற்றுமையைக் கேட்டிருந்தாலும் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சராசரி எடுத்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

#22 ஜூரோங் எண் (ஞாயிறு, காலை 9.30)

தனித்தனியாகப் போட்டிருந்தால் வந்திருக்கும். ஒவ்வொருவரும் எந்த அச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும் எம்டிஎஸ் முறை உண்டு.

#23 கல்லாங் காத்து (ஞாயிறு, காலை 10.00)

அப்படியானால் 14 பேருக்குத் தனி வரைபடம் போட்டுவிடலாமே?

#24 வரைபடக்காரி (ஞாயிறு, காலை 10.25)

14 பேரை வைத்துப் போட்டால் படம் வரும், ஆனால் இரண்டு பேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் வேறு படம் வரும். நேரம் இருந்தால் விடுதிப் பக்கம் இன்னும் நாற்பது ஐம்பது பேரைக் கேட்கலாம். வெள்ளிக்குள் முடியாது என்றால், மாணவர்களின் 48-ஐ மட்டும் வைத்து வரைபடம் போட்டு, அது யாருடைய மனப்பதிவு என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். 14 பேரின் பதிலை எண்ணாக மாற்றாமல் பேச்சாகவே தனியாகக் கொடுங்கள்.

#25 பொங்கோல் நிலா (ஞாயிறு, இரவு 8.15)

அப்படியே செய்யப் போகிறேன். வெள்ளிக்கு 48 பேரின் வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு விடுதியில் கேட்பதற்காகப் படிவத்தையும் மாற்றிவிட்டேன். "கேமரா நன்றாக இருக்கும்" என்பதை எடுத்துவிட்டு "வெளியே எடுக்கும் படம் நன்றாக வரும்", "இருட்டில் வீடியோவில் பேசினால் முகம் தெரியும்" என்று இரண்டாகப் பிரித்தேன். "ரிப்பேர் சுலபம்" இப்போது "சிங்கப்பூரில்", "ஊரில்" என்று இரண்டு. பழைய உயர் ரகப் போனை ஒன்பதாவது வரிசையாகச் சேர்த்துவிட்டேன்.

முருகு அண்ணே, அடுத்த ஞாயிறு அப்பாவோடு விடுதிப் பக்கம் வருகிறேன். உங்கள் பக்கத்து அறைகளிலும் படிவம் கொடுக்க முடியுமா? ஒரு பக்கம்தான், ஐந்து நிமிஷம் போதும்.

#26 துவாஸ் முருகு (ஞாயிறு, இரவு 9.50)

வாங்க. மாலை நாலு மணிக்கு மேல் எல்லாரும் தேக்காவிலிருந்து திரும்பிவிடுவார்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். பக்கத்து அறையில் வங்காளதேசத்துக்காரர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் வாசித்துச் சொல்லி டிக் போட்டுத் தருகிறேன்.

#27 வரைபடக்காரி (ஞாயிறு, இரவு 10.05)

முருகு, வாசித்துச் சொல்லும்போது உங்களுக்குப் பிடித்த போன் எது என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நிலா, அந்த எட்டுப் படிவத்தின் மூலையில் "வாசித்துக் காட்டியது" என்று குறித்து வையுங்கள், பிறகு பிரித்துப் பார்க்க வேண்டிவரும்.